ரேசர் டூலைத் தொடாமல் பேட்டியை வெட்டுவது

கேள்வி: “ஆறு மாதமாக பிரீமியர் ப்ரோவில் யூடியூப் பேட்டிகள் எடிட் செய்கிறேன், விண்டோஸ் லேப்டாப். அரை மணி நேரப் பேட்டியைச் சுருக்க ஒரு நாள் முழுக்கப் போய்விடுகிறது. ஷார்ட்கட் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து ஒட்டியும் மனதில் நிற்கவில்லை. எதை முதலில் பழகினால் உண்மையிலேயே வேகம் கூடும்?”

பட்டியலை முதலில் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். அது மனதில் நிற்காதது உங்கள் நினைவாற்றலின் குறை இல்லை. மென்பொருளின் மெனு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறதோ, அந்த வரிசையில்தான் பட்டியலும் இருக்கும். உங்கள் கை வேலை செய்யும் வரிசை வேறு. பேட்டி எடிட்டிங்கில் ஒரே ஒரு செயல்தான் நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வருகிறது: கேட்கிறோம், வேண்டாதது வருகிறது, நிறுத்துகிறோம், அதை எடுக்கிறோம், இடைவெளியை மூடுகிறோம், மறுபடி கேட்கிறோம். இந்தச் சுற்றை மவுஸ் இல்லாமல் முடிக்கப் பத்து கீகள்கூடத் தேவையில்லை. நான் பல வருடமாகப் பேட்டியும் ஆவணப்படமும்தான் வெட்டுகிறேன். ஆகவே இங்கே சொல்வதெல்லாம் பேச்சை அடிப்படையாகக் கொண்ட வீடியோவுக்கு. பாட்டுக்கு வெட்டுவதும் சண்டைக் காட்சி வெட்டுவதும் வேறு கைப்பழக்கம்.

இப்போது ஒரு வெட்டுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பாருங்கள். C அழுத்தி ரேசர் எடுக்கிறீர்கள், அல்லது டூல் பேனல் வரை மவுஸைக் கொண்டுபோகிறீர்கள். வேண்டாத பகுதியின் தொடக்கத்தைக் கண்ணால் குறிபார்த்து ஒரு கிளிக், முடிவைக் குறிபார்த்து இன்னொரு கிளிக். பிறகு V அழுத்தி செலக்‌ஷன் டூலுக்குத் திரும்பி, துண்டைத் தேர்ந்தெடுத்து Delete. அது ஓர் ஓட்டையை விட்டுவிடுகிறது. ஓட்டையை கிளிக் செய்து மறுபடி Delete. கடைசியில் பிளேஹெட்டை வெட்டுக்குச் சற்று முன்னால் இழுத்து வைத்து, ஓட்டிப் பார்க்கிறீர்கள். இதில் கிளிக்குகளைவிட அதிக நேரம் தின்பது குறிபார்ப்பதுதான். வெட்ட வேண்டிய இடத்தைக் காது ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டது. பிளேஹெட்டும் ஏறக்குறைய அங்கேதான் நிற்கிறது. ஆனால் ரேசர் பிளேஹெட்டைப் பார்ப்பதில்லை, மவுஸைத்தான் பார்க்கிறது. அதனால் அதே இடத்தைக் கண்ணால் இரண்டாவது தடவை தேட வேண்டியிருக்கிறது.

பிளேஹெட் நிற்கும் இடத்திலேயே வெட்டும் பழக்கம் வந்துவிட்டால் இந்த இரண்டாவது தேடல் போய்விடும். வேகம் கூடுவது பெரும்பாலும் இதில்தான். அதற்கு முதலில் பிளேஹெட்டை விரலால் ஓட்டப் பழக வேண்டும். J, K, L மூன்றும் அதற்குத்தான். L முன்னோக்கி ஓட்டும், K நிறுத்தும், J பின்னோக்கி ஓட்டும். L-ஐ இரண்டாவது முறை தட்டினால் வேகம் கூடும், மூன்றாவது முறை இன்னும் கூடும். J-உம் அப்படியே. இதுவரை பலருக்கும் தெரியும். தெரியாதது அடுத்தது: K-ஐ அழுத்திப் பிடித்துக்கொண்டு L-ஐயும் அழுத்திப் பிடித்தால் படம் ஊர்ந்து போகும், ஒலியும் இழுபட்டபடி கேட்கும். K-ஐப் பிடித்தபடி L-ஐ ஒரு தட்டு தட்டினால் ஒரே ஒரு ஃபிரேம் நகரும். பின்னால் போக L-க்குப் பதில் J. ஸ்பேஸ் பாரில் ஓட்டி நிறுத்துபவர்களுக்கு இந்த ஊர்தல் கிடைக்காது. சொல்லின் முனையைத் துல்லியமாகப் பிடிக்க அதுதான் வேண்டும்.

இடது, வலது அம்புக் கீகளும் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தும். Shift சேர்த்தால் ஐந்து ஃபிரேம். அதுவும் சரிதான், ஆனால் கை JKL-ஐ விட்டு விலக வேண்டும். கை விலகாமல் இருப்பதுதான் இங்கே முக்கியம். வலது கையின் ஆள்காட்டி விரல் J மேல், நடுவிரல் K மேல், மோதிர விரல் L மேல் இருக்கட்டும். இடது கையின் சுண்டுவிரல் Ctrl பக்கம், மற்ற விரல்கள் Q, W பக்கம். இப்படி உட்கார்ந்தால் வெட்டுவதற்கு வேண்டிய மூன்று கீகளும் ஏற்கெனவே விரலடியில் இருப்பதைக் காண்பீர்கள்.

அந்த மூன்று இவை. Ctrl+K பிளேஹெட் நிற்கும் இடத்தில் வெட்டு போடும். Q, பிளேஹெட்டுக்கு முந்தைய வெட்டிலிருந்து பிளேஹெட் வரை உள்ளதை எடுத்துவிட்டு இடைவெளியையும் மூடும். W, பிளேஹெட்டிலிருந்து அடுத்த வெட்டு வரை உள்ளதை எடுத்துவிட்டு மூடும். மென்பொருளில் Q-வின் பெயர் Ripple Trim Previous Edit to Playhead. பெயர் நீளம்தான், வேலை சின்னது. “இங்கிருந்து நல்லது தொடங்குகிறது, இதற்கு முன் உள்ளது வேண்டாம்” என்று சொல்வது Q. “இதோடு நல்லது முடிந்தது, மிச்சம் வேண்டாம்” என்று சொல்வது W.

ஓர் இடத்தை எடுத்து வெட்டிப் பார்ப்போம். பாரம்பரிய நெல் பயிரிடும் ஒரு விவசாயியின் பேட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். டைம்லைனில் 4 நிமிடம் 10 விநாடி தாண்டியதும் இப்படி வருகிறது: “...விதையை நாங்களே எடுத்து வச்சுக்குவோங்க. அது வந்து... நாங்க வந்து...” அப்போது அவருடைய போன் அடிக்கிறது. “ஒரு நிமிசம் தம்பி,” என்கிறார். யாரிடமோ அரை நிமிடம் பேசுகிறார். பிறகு, “ஆங்... மாப்பிள்ளைச் சம்பா நூத்தி அறுபது நாள் பயிர்ங்க.” நமக்கு வேண்டியது “வச்சுக்குவோங்க” வரை ஒரு துண்டு, “மாப்பிள்ளைச் சம்பா” முதல் இன்னொரு துண்டு.

L அழுத்தி சாதாரண வேகத்தில் கேட்டுக்கொண்டு வருகிறீர்கள். போன் அடித்ததும் K. வேண்டாதது அதற்கு முன்னாலேயே, “அது வந்து” என்ற இடத்திலேயே தொடங்கிவிட்டது. K-ஐயும் J-ஐயும் சேர்த்துப் பிடித்துப் பின்னால் ஊர்ந்து போங்கள். “வச்சுக்குவோங்க” முடிந்து, அடுத்த “அது” தொடங்காத அந்த மௌனத்தில் நிறுத்துங்கள். Ctrl+K. வெட்டு விழுந்தது. இப்போது L-ஐ இரண்டு, மூன்று முறை தட்டி போன் உரையாடலை வேகமாகக் கடந்து போங்கள். “ஆங்” கேட்டதும் K. K-ஐப் பிடித்துக்கொண்டு L-ஐத் தட்டித் தட்டி “மாப்பிள்ளை”யின் வாசலில் போய் நில்லுங்கள். Q. போன் பேச்சு மறைந்தது, பின்னால் இருந்ததெல்லாம் முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. பிளேஹெட்டும் ஒட்டிய இடத்திலேயே வந்து நிற்கிறது. Shift+K அழுத்தினால் அந்த ஒட்டுக்கு முன்னும் பின்னும் சில விநாடிகள் ஓட்டிக் காட்டும். சரியாக இருந்தால் L அழுத்தி மேலே போங்கள். மவுஸைத் தொடவே இல்லை, டைம்லைனைக் கண்ணால் குறிபார்க்கவும் இல்லை.

“வாசலில்” என்று சொன்னேன், அது எவ்வளவு தூரம் என்று கேட்பீர்கள். 25 ஃபிரேம் வேகத்தில் ஓடும் வீடியோவில் ஒரு ஃபிரேம் ஒரு விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு, அதாவது 40 மில்லி விநாடி. சொல் எந்த ஒலியில் தொடங்குகிறது என்பதைப் பொறுத்து எத்தனை ஃபிரேம் விடலாம் என்பது மாறும். க, ப, த போன்ற ஒலிகளில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் வாய் ஒரு கணம் அடைத்துத் திறக்கும். அந்த நேரத்தில் வேவ்ஃபார்மில் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது, பிறகு சட்டென்று எழும். அங்கே நெருக்கமாக வெட்டினாலும் தெரியாது. ம, ந, வ அப்படி இல்லை. மெல்லத் தொடங்கிக் கனமாகும். கோடு தடிப்பாகும் இடம்தான் சொல்லின் தொடக்கம் என்று நினைத்து வெட்டினால் “மாப்பிள்ளை”, “ஆப்பிள்ளை” போல ஒலிக்கும். இந்த ஒலிகளுக்கு முன்னால் இரண்டு, மூன்று ஃபிரேம் கூடுதலாக விடுங்கள். வாக்கிய முடிவிலும் இதே கதை. நம் பேச்சு “-ங்க”, “-ம்”, “-ன்” என்று மூக்கொலியில் தேய்ந்து முடிவது அதிகம். அந்த வாலை வேவ்ஃபார்ம் பெரிதாகக் காட்டாது. வாலை நறுக்கிவிட்டால் பேசியவரைப் பாதியில் தடுத்தது போல இருக்கும். வெட்டு சரியா என்று கடைசித் தீர்ப்பு சொல்ல வேண்டியது Shift+K-வில் கேட்கும் காதுதான், படத்தில் தெரியும் கோடு இல்லை.

W எப்போது? மேலே சொன்ன உதாரணத்தில் முன்பக்க வெட்டை Ctrl+K-வால் நாமே போட்டுவிட்டோம், அதனால் Q போதும். அடுத்த வெட்டு ஏற்கெனவே இருக்கும்போதுதான் W உதவும். கேமராவை நிறுத்தி நிறுத்தி எடுத்த பேட்டி என்றால் ஒவ்வொரு கிளிப்பின் கடைசியிலும் “கட் பண்ணிடலாமா?” என்று கேமராமேன் கேட்பது பதிவாகியிருக்கும். பதில் முடிந்த இடத்தில் நின்று W தட்டினால் அந்த வால் மொத்தமும் போய், அடுத்த கிளிப் வந்து ஒட்டிக்கொள்ளும். அந்த அடுத்த கிளிப்பின் தலையில் இருக்கும் “ரோலிங்... சரி சொல்லுங்கய்யா” என்பதைக் கேட்டுக் கடந்து, பதில் தொடங்கும் இடத்தில் Q.

நகர்வதில் இன்னொரு பழக்கம் டைம்லைனை எவ்வளவு பெரிதாக்கி வைப்பது என்பது. புதிதாக எடிட் செய்பவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், அவர் நேரத்தில் பெரும்பகுதி பெரிதாக்குவதிலும் சிறிதாக்குவதிலும், அடியில் உள்ள பட்டையை இழுப்பதிலும் போவது தெரியும். = அழுத்தினால் பிளேஹெட்டைச் சுற்றிப் பெரிதாகும், - அழுத்தினால் சிறிதாகும், \ அழுத்தினால் முழு டைம்லைனும் திரைக்குள் அடங்கும், மறுபடி அழுத்தினால் முந்தைய அளவுக்குத் திரும்பும். நான் கேட்டு வெட்டும் முதல் சுற்றில் திரையில் அரை நிமிடம் தெரியும் அளவில் வைத்துவிட்டு, அதை மாற்றுவதே இல்லை. துல்லியத்துக்கு டைம்லைனைப் பெரிதாக்க வேண்டியதில்லை, அது K-யும் L-உம் பார்த்துக்கொள்ளும். வேவ்ஃபார்ம் ஒல்லியாகத் தெரிந்தால் Shift+= அழுத்துங்கள், டிராக்குகள் உயரமாகும். எங்கே இருக்கிறோம் என்ற குழப்பம் வந்தால் மட்டும் \ இருமுறை. Esc-க்குக் கீழே இருக்கும் ` கீ, மவுஸ் எந்தப் பேனல் மேல் இருக்கிறதோ அதை முழுத்திரை ஆக்கும். சின்ன லேப்டாப் திரையில் இது பெரிய உதவி.

வெட்டி முடித்த பிறகு இரண்டாவது சுற்று வரும். அதில் மேல், கீழ் அம்புகள்தான் வாகனம். கீழ் அம்பு அடுத்த வெட்டுக்கும், மேல் அம்பு முந்தைய வெட்டுக்கும் தாண்டும். Home அழுத்தி தொடக்கத்துக்குப் போய், கீழ் அம்பு, Shift+K, கீழ் அம்பு, Shift+K என்று ஒட்டுகளை மட்டும் வரிசையாகக் கேட்டுவிடலாம். எங்காவது ஒரு சொல்லின் முனை நறுங்கியிருந்தால் அதை நீட்டித் தர நான் மவுஸைத்தான் எடுப்பேன். செலக்‌ஷன் டூலில் Ctrl-ஐப் பிடித்துக்கொண்டு கிளிப்பின் ஓரத்தை இழுத்தால், பின்னால் உள்ளவை தானாக நகர்ந்து வழிவிடும். இதற்கும் கீபோர்டு வழிகள் உண்டு. ஆனால் ஒரு பேட்டியில் ஐந்தாறு இடத்தில் மட்டும் தேவைப்படும் வேலைக்கு அவற்றை மனப்பாடம் செய்யச் சொல்ல மாட்டேன். நூறு தடவை செய்யும் வேலையை விரலில் ஏற்றுங்கள், மற்றதற்கு மவுஸ் இருக்கட்டும்.

இனி, எங்கே கெட்டுப்போகும் என்பது. முதல் நாளே நடக்கக்கூடியது, Ctrl+K போட மறந்துவிட்டு Q தட்டுவது. Q-வுக்கு எது வேண்டாதது என்று தெரியாது, முந்தைய வெட்டு எங்கே என்று மட்டும்தான் தெரியும். ஐந்து நிமிடமாக நல்ல பேச்சு ஓடி, நடுவில் வெட்டே இல்லாதிருந்தால், அந்த ஐந்து நிமிடமும் சத்தமில்லாமல் போய்விடும். எப்படிக் கண்டுகொள்வது? Q தட்டியதும் பிளேஹெட் டைம்லைனில் வெகுதூரம் பின்னால் தாவியிருக்கும். சின்னத் துண்டு போனால் அது சற்றே நகரும், அவ்வளவுதான். நீண்ட தாவலைக் கண்டால் உடனே Ctrl+Z. இதற்குக் காப்பாக, வெட்டத் தொடங்கும் முன் புராஜெக்ட் பேனலில் சீக்குவன்ஸ் மேல் வலது கிளிக் செய்து Duplicate எடுத்து வையுங்கள். சாயங்காலம் “அந்தப் பதில் எங்கே போச்சு?” என்று தேடும்போது அது இருக்கும்.

இரண்டாவது, கீ அழுத்துகிறீர்கள், ஒன்றும் நடக்கவில்லை. இதற்கு மூன்று காரணங்கள்தான் நான் அதிகம் பார்த்தவை. ஒன்று, நம் ஊருக்கே உரியது: சப்டைட்டில் அடிப்பதற்காகத் தமிழ் கீபோர்டுக்கு மாறி, திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றாமல் விட்டிருப்பீர்கள். J, K, L எல்லாம் அப்போது வேறு எழுத்துகள், மென்பொருளுக்குப் புரியாது. Windows+Space அழுத்தி மொழியை மாற்றினால் சரியாகிவிடும். இன்னொன்று, வேறு பேனல் பிடிமானத்தில் இருப்பது. எந்தப் பேனலைச் சுற்றி நீலக் கோடு இருக்கிறதோ, கீகள் அதற்குத்தான் போகும். புராஜெக்ட் பேனலில் ஒரு கிளிப்பைத் தொட்டுவிட்டு வந்து L தட்டினால் டைம்லைன் ஓடாது. அதைவிட மோசம், அந்த நிலையில் Delete அழுத்தினால் புராஜெக்டிலிருந்தே கிளிப்பை நீக்கப் பார்க்கும். Shift+3 டைம்லைனைப் பிடிமானத்துக்குக் கொண்டுவரும். சந்தேகம் வந்தாலே Shift+3 தட்டும் பழக்கம் நல்லது.

மூன்றாவது காரணம் டிராக் தேர்வு. டைம்லைனின் இடது ஓரத்தில் V1, A1 என்று இரண்டு வரிசைகள் தெரியும். இடது வரிசை, சோர்ஸ் மானிட்டரிலிருந்து கிளிப்பை எங்கே செருகுவது என்பதற்கு. வலது வரிசைதான் டார்கெட். Ctrl+K, Q, W, மேல் கீழ் அம்பு எல்லாமே இந்த வலது வரிசையில் நீலமாக இருக்கும் டிராக்குகளைத்தான் மதிக்கும். கீழ் அம்பு ஒரு வெட்டைத் தாண்டி ஓடினால் அந்த டிராக் அணைந்திருக்கிறது என்று பொருள். தனி ரெக்கார்டரில் எடுத்த ஒலியை A2-வில் வைத்திருப்பவர்கள் கட்டாயம் A2-வையும் ஏற்றி வையுங்கள். இல்லாவிட்டால் படம் வெட்டப்படும், ஒலி வெட்டுப்படாமல் நிற்கும். நாலைந்து வெட்டுக்குப் பிறகு உதடு ஒன்று சொல்லும், குரல் ஒன்று சொல்லும். கேமராவிலேயே பதிவான ஒலியும் படமும் பிசகினால் கிளிப் மேல் சிவப்பு எண் தெரியும், அது எத்தனை ஃபிரேம் பிசகு என்று சொல்வது. அந்த எண்ணைக் கண்டதும் மேற்கொண்டு வெட்டாமல், அது தோன்றுவதற்கு முன்பு வரை Ctrl+Z அழுத்திப் பின்னால் போவதுதான் நேரம் மிச்சம். பின்னணி இசையை இந்தச் சுற்றில் போடவே போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் அந்த டிராக்கின் பூட்டை அழுத்திப் பூட்டிவிட்டு வெட்டுங்கள்.

பழகும் வரிசை என்று கேட்டால், முதலில் JKL மட்டும். வெட்டுவது பழைய ரேசரிலேயே இருக்கட்டும், ஆனால் ஸ்பேஸ் பாரைத் தொடாதீர்கள். K-ஐப் பிடித்து ஊர்வது விரலுக்குப் பழகிய பிறகு Ctrl+K, Q சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் C கீயை மறக்க வேண்டும். மறக்கவில்லை என்றால் Ctrl+Alt+K அழுத்தி வரும் பலகையில் C-க்கு உள்ள ரேசரை நீக்கிவிடலாம். கை பழக்கத்தில் C-க்குப் போனாலும் ஒன்றும் நடக்காது, தானாக Ctrl+K-வுக்குத் திரும்பும். மேல் கீழ் அம்பும் Shift+K-யும் இரண்டாவது சுற்றுக்கு வரும்போது கற்றால் போதும். முதல் இரண்டு பேட்டிகள் முன்பைவிட மெதுவாகத்தான் போகும். டெலிவரி நெருக்கும் வேலையில் இதைத் தொடங்காதீர்கள், நாள் கணக்கு இடிக்காத ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னவற்றில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனி வருவது கருத்து வேறுபாடு உள்ள இடம். கீகளை நம் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாமா? அனுபவமுள்ள எடிட்டர்கள் பலர் Q, W, E மூன்றையும் வரிசையாக முன்வெட்டு, வெட்டு, பின்வெட்டு என்று மாற்றி வைத்திருக்கிறார்கள். இடது கை ஒன்றே போதும் என்பது அவர்கள் வாதம், அதில் நியாயம் இருக்கிறது. வலது கையில் மவுஸ் வைத்தே வேலை செய்பவருக்கு அது பொருந்தும். JKL மேல் வலது கை வைத்திருப்பவருக்கு Ctrl+K ஏற்கெனவே விரலடியில்தான் இருக்கிறது. வேறு ஸ்டுடியோவில், வேறொருவர் கணினியில் போய் உட்கார வேண்டியவராக இருந்தால், கற்கும் காலத்தில் மாற்றாமல் இருப்பதே நல்லது. மாற்றினால் .kys என்ற கோப்பாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், கூடவே எடுத்துப் போகலாம். எடிட்டிங்குக்கென்றே விற்கும் வண்ணக் கீபோர்டு, திருகு உருளை வைத்த பலகை போன்றவை பேட்டி வேலைக்கு அவ்வளவு உதவும் என்று நான் நினைக்கவில்லை. வண்ணம் பார்த்து அழுத்துபவரின் கண் திரையை விட்டுக் கீபோர்டுக்கு இறங்குகிறது, நாம் தவிர்க்கப் பார்ப்பதே அதைத்தான்.

கீகளால் தீராத தாமதமும் உண்டு. L தட்டியதும் படம் திக்கித் திக்கி ஓடினால், K அழுத்தி அரை விநாடி கழித்து நின்றால், விரலில் குறை இல்லை, லேப்டாப்பால் கோப்பை அவிழ்த்து ஓட்ட முடியவில்லை. போனில் எடுத்த 4K, H.265 கோப்புகளில் இது சகஜம். புரோகிராம் மானிட்டரின் கீழே பிளேபேக் அளவை 1/2 அல்லது 1/4 ஆக்கிப் பாருங்கள். அதிலும் திக்கினால், கிளிப்புகளை வலது கிளிக் செய்து Proxy மெனுவில் சின்ன நகல்கள் உருவாக்கி அவற்றை வைத்து வெட்டுங்கள். இதைச் சரிசெய்யாமல் JKL பழகினால் பழக்கமே ஒட்டாது, ஏனென்றால் விரல் சொன்ன இடத்தில் படம் நிற்பதில்லை. அதே போல, எந்தப் பதிலை வைப்பது, எதை எடுப்பது என்று முடிவு செய்ய ஆகும் நேரத்தை எந்தக் கீயும் குறைக்காது. அரை மணி நேரப் பேட்டியை ஒரு முறை முழுக்கக் கேட்க அரை மணி நேரம் ஆகத்தான் செய்யும். சிலர் L-ஐ இருமுறை தட்டி இரட்டை வேகத்தில் கேட்கிறார்கள். ஆடியோ அமைப்புகளில் Maintain pitch while shuttling என்பதை ஏற்றி வைத்தால் குரல் கீச்சிடாமல் புரியும். வேண்டாதது என்று முன்பே தெரிந்த பகுதிகளைக் கடக்க அது நல்லது. அழுத்தம், தயக்கம், மூச்சு கேட்டு முடிவு செய்ய வேண்டிய பதிலை நான் சாதாரண வேகத்தில்தான் கேட்பேன்.

கடைசியாக, நாளைக்கு டாவின்சி ரிசால்வுக்கு மாறலாம் என்ற எண்ணம் இருந்தால்: JKL அங்கும் இதேதான். வெட்டு போட Ctrl+B, Q-வின் வேலைக்கு Ctrl+Shift+[, W-வின் வேலைக்கு Ctrl+Shift+], முழு டைம்லைனும் தெரிய Shift+Z. அங்கே Delete இடைவெளியை மூடிவிடும், Backspace ஓட்டையை விட்டுவைக்கும். பிரீமியரில் Delete ஓட்டை விடும், Shift+Delete தான் மூடும். மாறிய புதிதில் இந்த ஒன்றுதான் கையை ஏமாற்றும். அது தொந்தரவாக இருந்தால் அங்கும் Ctrl+Alt+K அழுத்தி, கீபோர்டு அமைப்புப் பட்டியலில் பிரீமியர் ப்ரோவின் பெயரில் உள்ளதைத் தேர்ந்தெடுத்துவிடலாம்.